ஆஸ்பத்திரி பில்லில் எதைக் கேட்பது, எப்படி எழுதிக் கேட்பது

தனியார் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் நாளன்று பெரும்பாலும் கைக்கு வருவது ஒரே ஒரு தாள்தான். அறை வாடகை, நர்சிங், டாக்டர் விசிட், மருந்தகம், லேப், இதர என்று ஏழெட்டு வரிகள் இருக்கும். அடியில் மொத்தத் தொகை. அதைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் பில்லிங் கவுண்ட்டரில் சொல்வது, "பில் ரொம்ப அதிகமா இருக்கு சார், கொஞ்சம் குறைங்க." உடனே பிஆர்ஓ வருவார், மேலிடத்தில் பேசுவார், ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கன்செஷன் கிடைக்கும். நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

இதில் நடந்தது சலுகை. பில் சரியா என்ற கேள்வி எழவே இல்லை. தொகையைப் பற்றிக் கேட்டால் சலுகை கிடைக்கும். ஒவ்வொரு வரியைப் பற்றியும் கேட்டால்தான் திருத்தம் கிடைக்கும். மருத்துவமனை பில்லோடு மோதுகிற எவரும் முதலில் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2017ல் டெல்லியை அடுத்த குருகிராமில் டெங்குவால் இறந்துபோன ஏழு வயதுச் சிறுமியின் பில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சுமார் 15 நாள் சிகிச்சைக்கு ஏறக்குறைய 16 லட்சம் ரூபாய். ஆனால் அந்தத் தொகையை விட மக்களை உலுக்கியது உள்ளே இருந்த எண்ணிக்கைகள்: சுமார் 660 சிரிஞ்சுகள், 2,700 கையுறைகள். பொருள் வாரியான பில் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்ததால்தான் இந்த எண்கள் வெளியே வந்தன. வெறும் "மருந்தகம்" என்று ஒரு வரி மட்டும் இருந்திருந்தால் கேள்வி கேட்க எதுவுமே இருந்திருக்காது. அதன் பிறகு மருந்து விலைகளைக் கண்காணிக்கும் தேசிய ஆணையமான என்பிபிஏ, டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. சில பொருள்களில் வாங்கிய விலைக்கு மேல் லாபம் 1,700 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

பில்லில் பிழை எங்கே நுழைகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். வேண்டுமென்றே ஏமாற்றுவதும் நடக்கிறது. ஆனால் பெரும்பகுதி தவறு, பில்லிங் மென்பொருளும் வார்டு வேலையும் சேருகிற இடத்தில் உண்டாகிறது. அறை வாடகை, நர்சிங், மானிட்டர் போன்றவை பல இடங்களில் நாள்தோறும் தானாகவே ஏறும். படுக்கையை மாற்றினாலோ கருவியைக் கழற்றினாலோ வார்டில் யாராவது அதைக் கணினியில் முடித்துவைக்க வேண்டும். மறந்துவிட்டால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். மருந்துகள் இன்டென்ட் மூலம் வருகின்றன. அதாவது, வார்டு நர்ஸ் நோயாளியின் பெயரில் மருந்தகத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கிறார். பில்லில் ஏறுவது இன்டென்ட் செய்த அளவு. டாக்டர் மருந்தை மாற்றிவிட்டால் மீதியை மருந்தகத்துக்குத் திருப்பி, ரிட்டர்ன் போட வேண்டும். ரிட்டர்ன் போடாத மருந்துக்கும் நோயாளிதான் பணம் கட்டுகிறார்.

ஆக, பில் சொல்வது எடுத்ததை. உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்பது கேஸ் ஷீட்டில் இருக்கிறது. எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று நர்ஸ் கையெழுத்திடும் ட்ரீட்மென்ட் சார்ட், டாக்டர்கள் வந்துபோன குறிப்புகள், ஆக்சிஜன் அளவு குறித்த நர்சிங் சார்ட் எல்லாம் அதில்தான். பொருள் வாரியான பில் மட்டும் கையில் இருந்தால் அதை எதோடும் ஒப்பிட முடியாது. கேஸ் ஷீட் மட்டும் இருந்தால் கட்டணம் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையில் பாதி.

கேட்பதற்கு அடிப்படை உண்டு. மருத்துவர்களின் தொழில் நடத்தைக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகள், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன. உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் அதே விதிகள் சொல்கின்றன. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயம், கட்டண விவரத்தையும் விரிவான பில்லையும் பெறும் உரிமையைச் சொல்கிறது. பட்டயம் தன்னளவில் சட்டம் ஆகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ நேரடியான சட்டம். தந்த சேவைக்குப் பில்லோ ரசீதோ கொடுக்காததை அது முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

சரி, ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். தொகைகள் நான் வைத்தவை. 62 வயது அம்மா நிமோனியாவுக்காகத் திங்கள் இரவு 11 மணிக்கு ஐசியுவில் சேர்க்கப்படுகிறார். புதன் மாலை 5 மணிக்கு அறைக்கு மாற்றுகிறார்கள். ஞாயிறு பகல் 1 மணிக்கு டிஸ்சார்ஜ். இன்சூரன்ஸ் இல்லை. சுருக்க பில் இப்படி வருகிறது: ஐசியு 3 நாள் 27,000, அறை 5 நாள் 20,000, நர்சிங் 8 நாள் 6,400, டாக்டர் விசிட் 18,000, மருந்தகம் 58,200, லேப் மற்றும் ஸ்கேன் 24,600, ஆக்சிஜனும் கருவிகளும் 13,800, இதர 6,000. மொத்தம் 1,74,000 ரூபாய்.

மகள் பில்லிங்கில் சண்டை போடாமல் பொருள் வாரியான பில்லையும் கேஸ் ஷீட் நகலையும் எழுதிக் கேட்டு வாங்குகிறார். வீட்டில் உட்கார்ந்து முதலில் நாள்களை எண்ணுகிறார். அம்மா இருந்தது ஐந்து நாளும் 14 மணி நேரமும். பில்லிலோ எட்டு நாள். திங்கள்கிழமையின் ஒரு மணி நேரம் முழு நாளாகியிருக்கிறது. புதன்கிழமைக்கு ஐசியுவும் போட்டிருக்கிறார்கள், அறையும் போட்டிருக்கிறார்கள். 24 மணி நேரக் கணக்கில் ஐசியு இரண்டு நாள், அறை நான்கு நாள்தான் வரும். ஐசியுவில் 9,000, அறையில் 4,000, நர்சிங் இரண்டு நாளுக்கு 1,600, ஐசியுவில் தனியாகப் போட்ட மானிட்டரும் மருந்தைச் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பும் ஒரு நாளுக்கு 1,600. இந்த ஒரு கேள்வியிலேயே 16,200 ரூபாய் ஆட்சேபத்துக்கு உரியதாகிறது.

அடுத்து மருந்து. ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, நாளுக்கு மூன்று வேளை. பில்லில் 21 வயல், அதாவது மருந்துக் குப்பி, ஒவ்வொன்றும் 700 ரூபாய். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள், மூன்று வேளை என்று போட்டால் 21 வருகிறது. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ட்ரீட்மென்ட் சார்ட்டில் திங்கள் இரவு ஒன்று, செவ்வாய் முதல் வெள்ளி வரை மூன்று மூன்றாகப் பன்னிரண்டு, ஆக 13 கையெழுத்துகள்தான் இருக்கின்றன. சனிக்கிழமை காலை மாத்திரைக்கு மாற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். எட்டு வயலுக்கான 5,600 ரூபாய் கேள்விக்குரியது. பில்லில் ஓர் எண் நாள்களின் எண்ணிக்கையோடு இப்படிக் கச்சிதமாகப் பொருந்தினால் அது உண்மையில் செலுத்தியதா, வழக்கப்படி இன்டென்ட் செய்ததா என்று உடனே பார்க்க வேண்டும்.

ஆக்சிஜன் 90 மணி நேரம், மணிக்கு 100 ரூபாய். நர்சிங் சார்ட்டில் புதன் காலை 9 மணிக்கு "ரூம் ஏர்" என்று எழுதியிருக்கிறது, அதாவது ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். திங்கள் இரவு 11 முதல் அதுவரை 34 மணி நேரம். பில்லின் 90 மணி நேரம் வெள்ளி மாலை 5 மணி வரை நீள்கிறது. அப்போதுதான் யாரோ கணினியில் முடித்திருக்கிறார்கள். 56 மணி நேரத்துக்கு 5,600 ரூபாய்.

டாக்டர் விசிட் 18, ஒவ்வொன்றும் 1,000. கேஸ் ஷீட்டில் சிறப்பு மருத்துவர்களின் கையெழுத்தோடு இருப்பது 11 குறிப்புகள். மற்றவை ட்யூட்டி டாக்டர் எழுதியவை. ஏழு விசிட்டுக்கு 7,000 ரூபாய். இங்கே ஓர் எச்சரிக்கை: குறிப்பு இல்லை என்பதாலேயே டாக்டர் வரவில்லை என்று ஆகிவிடாது. அவசரத்தில் பார்த்துவிட்டு எழுதாமல் போவதும் உண்டு. அதனால் "பொய் விசிட்" என்று எழுதக்கூடாது. "இந்த ஏழு விசிட்டுகளுக்கான குறிப்பைக் காட்டுங்கள்" என்றுதான் எழுத வேண்டும். கடிதம் முழுக்க இந்தத் தொனி இருந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவமனையிடம் போய்விடும். குற்றச்சாட்டாக எழுதினால் பதில் அவர்களின் வழக்கறிஞரிடமிருந்து வரும்.

எல்லாம் சேர்த்தால் 34,400 ரூபாய். பில்லில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதற்கான கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் பில்லிங் மேலாளருக்கும் எழுதி, நோயாளியின் பெயர், ஐபி எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பில் எண் ஆகியவற்றை மேலே போட்டுவிட்டு இப்படித் தொடங்கலாம்:

"மேற்கண்ட பில்லில் பின்வரும் வரிகள் கேஸ் ஷீட்டோடு பொருந்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் எழுத்துப்பூர்வமான விளக்கமும், எந்தப் பதிவின் அடிப்படையில் கட்டணம் போடப்பட்டது என்ற விவரமும் வேண்டுகிறேன். வரி 14: ஆன்டிபயாடிக் ஊசி, பில்லில் 21 வயல். ட்ரீட்மென்ட் சார்ட்டில் 13 வேளை. மீதி 8 வயலுக்கான ரிட்டர்ன் பதிவின் நகல் தேவை. வரி 31: ஆக்சிஜன், பில்லில் 90 மணி நேரம். நர்சிங் சார்ட்டின்படி புதன் காலை 9 மணிக்கு நிறுத்தப்பட்டது. எஞ்சிய 56 மணி நேரத்துக்கான அடிப்படை என்ன? பிழை என்று கண்டால் திருத்திய பில் தந்து, கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தரவும்."

கூடவே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். நாள் எப்போது தொடங்கி எப்போது முடிவதாகக் கணக்கிடுகிறார்கள் என்ற விதியோடு கூடிய அவர்களின் கட்டணப் பட்டியல், அதாவது டாரிஃப். மருந்துகளுக்கு பேட்ச் எண்ணும் எம்ஆர்பியும் உள்ள மருந்தக பில். ஐசியு கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்ற விவரம். 15 நாள் கெடு வைத்து மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வரக்கூடாது.

இந்த உதாரணத்தில் மருத்துவமனை என்ன சொல்லும்? ஊசியும் ஆக்சிஜனும் பதிவிலேயே தெரிகிற பிழைகள் என்பதால் 11,200 ரூபாயை மறுக்க வழியில்லை. விசிட்டில் கேஷுவாலிட்டி ஷீட்டில் இருந்த மூன்று குறிப்புகளைக் காட்டுகிறார்கள். மீதி நான்கைக் கழிக்கிறார்கள். நாள் கணக்கில் எங்கள் டாரிஃப் பகல் 12 முதல் மறுநாள் 12 வரை என்கிறார்கள். அந்தக் கணக்கிலும் ஏழு நாள்தான் வரும். அதனால் புதன்கிழமையின் அறை வாடகை 4,000, ஒரு நாள் நர்சிங் 800 இரண்டையும் விட்டுக்கொடுக்கிறார்கள். மானிட்டரும் பம்ப்பும் தனிக் கட்டணம் என்று டாரிஃபில் இருப்பதால் அங்கே அவர்கள் அசையவில்லை. கடைசியில் திரும்பி வருவது 20,000 ரூபாய். கேட்ட 34,400ல் எஞ்சிய 14,400 அவர்களின் விதிப்படி நிற்கிறது. நியாயமான முடிவு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டதெல்லாம் கிடைப்பது அபூர்வம்.

அதே சமயம் எதற்கு ஆட்சேபம் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளின் அறை வாடகைக்கோ டாக்டர் கட்டணத்துக்கோ பொதுவான உச்சவரம்பு கிடையாது. நாளுக்கு 9,000 என்று அறிவித்துவிட்டு 9,000 வாங்கினால், பக்கத்துத் தெருவில் 5,000தான் என்ற வாதம் எடுபடாது. அறிவித்ததற்கு மாறாக வாங்கினால் எடுபடும். சேர்க்கும்போது கொடுத்த எஸ்டிமேட் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மருந்து விலையும் அப்படியே. எம்ஆர்பிக்கு மேல் விற்றால் குற்றம். ஆனால் அதிக எம்ஆர்பி அச்சிட்ட பிராண்டைத் தேர்ந்தெடுத்து எம்ஆர்பிக்கே விற்பது குற்றமில்லை. கொள்ளை லாபம் பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது. விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துகளுக்கும், 2017 முதல் இதய ஸ்டென்ட், முழங்கால் இம்ப்ளான்ட் ஆகியவற்றுக்கும் என்பிபிஏ உச்சவிலை நிர்ணயித்திருக்கிறது. அந்த அளவை அதன் "ஃபார்மா சஹி தாம்" செயலியில் பார்க்கலாம். உச்சவிலையை மீறியிருந்தால் என்பிபிஏவிடமே புகார் செய்யலாம். சொந்த மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்று மருத்துவமனைகள் கட்டாயப்படுத்துவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் பொதுத் தடை எதுவும் போடாமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டுவிட்டது.

கையுறை, பஞ்சு, காஸ் போன்ற கன்ஸ்யூமபிள்ஸில் எண்ணிக்கையை நிரூபிப்பது கடினம். எத்தனை ஜோடி கையுறை போட்டார்கள் என்று கேஸ் ஷீட் சொல்லாது. இங்கே எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுவதை விட வேறொரு வழி பலன் தரலாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சில பட்டியல்கள் வைத்திருக்கிறது. எவையெல்லாம் அறை வாடகைக்குள் அடங்கும், எவையெல்லாம் அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கும், எவையெல்லாம் சிகிச்சைச் செலவுக்குள் அடங்கும் என்று அவை பிரித்துச் சொல்கின்றன. ஃபைல் திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், அட்மிஷன் கிட், பல்ஸ் ஆக்சிமீட்டர் கட்டணம், ஊசி போடும் கட்டணம் எல்லாம் அறை வாடகைப் பட்டியலில் இருக்கின்றன. காஸ், பஞ்சு, சர்ஜிக்கல் டேப் அறுவை சிகிச்சைப் பட்டியலில். இன்ஃப்யூஷன் பம்ப் சிகிச்சைச் செலவுப் பட்டியலில். நம் உதாரணத்தின் "இதர 6,000"த்துக்குள் இருப்பதில் பாதி இந்த வகைதான் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியல்கள் இன்சூரன்ஸ் கிளெய்முக்கானவை. கையிலிருந்து பணம் கட்டுகிறவருக்கு மருத்துவமனை அதைப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் "இன்சூரன்ஸ் நோயாளிக்கு அறை வாடகைக்குள் அடங்குவது எனக்கு மட்டும் ஏன் தனியாக?" என்று கேட்கலாம். பதில் சொல்லச் சிரமமான கேள்வி அது.

இவ்வளவையும் டிஸ்சார்ஜ் நேரத்தில் செய்ய முடியாது. நோயாளி களைத்திருப்பார், வண்டி வாசலில் நிற்கும், ஆட்சேபம் தீரும்வரை அனுப்ப மாட்டோம் என்று யாராவது சொல்லவும் கூடும். பில் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ இறந்தவரின் உடலையோ நிறுத்தி வைக்கக்கூடாது என்று நோயாளர் உரிமைப் பட்டயம் சொல்கிறது. ஆளைப் பிடித்துவைத்தால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் கட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்பதுதான். கட்டுவதற்கு முன், "பில்லின் விவரங்களுக்கு உடன்படாமல், டிஸ்சார்ஜுக்காக மட்டும் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். சீல் தர மறுத்தால் அங்கேயே அவர்களின் மின்னஞ்சலுக்கு அதே வாக்கியத்தை அனுப்பிவிடுங்கள். நேரமும் தேதியும் அதில் பதிவாகிவிடும்.

கன்செஷன் தரும்போது நீட்டுகிற தாளையும் படித்துத்தான் கையெழுத்திட வேண்டும். "முழு கணக்கும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருந்தால், பத்தாயிரம் சலுகைக்காக இருபதாயிரம் திருத்தத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடலாம். சலுகையை வாங்கிக்கொண்டு அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் சலுகையை விட்டுவிட்டுக் கடிதத்தோடு போவதே மேல் என்பது என் கருத்து.

15 நாளில் பதில் வராவிட்டால் எங்கே போவது என்பது எதைப் பற்றிய புகார் என்பதைப் பொறுத்தது. கேஸ் ஷீட்டைத் தர மறுத்தால் சிகிச்சை தந்த மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை. மாவட்டத்தில் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் அதைக் கவனிக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவால் மருத்துவமனை விளக்கம் தர வேண்டிய நிலை வரலாம். ஆனால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் இடம் அது இல்லை.

பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995லேயே உறுதி செய்துவிட்டது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் சில மருத்துவமனைகள் அந்த நிலையிலேயே பேசி முடித்துக்கொள்ளும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். மனுவோடு இணைக்க வேண்டியவை சுருக்க பில், பொருள் வாரியான பில், பணம் கட்டிய ரசீதுகள், கேஸ் ஷீட் நகல், ஆட்சேபக் கடிதம், அதை அவர்கள் பெற்றதற்கான சான்று. பொருள் வாரியான பில்லையும் கேஸ் ஷீட்டையும் கடைசிவரை தராமல் இழுத்தடித்திருந்தால் மனுவின் முதல் கோரிக்கையாக அவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கேட்கலாம். கேட்ட கடிதத்தின் நகல் கையில் இருந்தால் அந்தக் கோரிக்கைக்கு அதுவே ஆதாரம்.